பீரோவில் கிடந்த பழைய செக்

மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக்கு கிரில் கதவு செய்து கொடுத்ததற்கு 18,000 ரூபாய்க்கு செக் வாங்கி, பீரோவில் டைரிக்குள் வைத்தவன் அப்படியே மறந்துவிட்டேன். ஜூலையில் கையில் கிடைத்தது. தேதி ஜனவரி 12. திருப்பாதிரிப்புலியூரில் என் வங்கிக்குக் கொண்டுபோனால், கவுண்டரில் இருந்த அம்மா தேதியை மட்டும் பார்த்துவிட்டு, "காலாவதி ஆயிடுச்சு சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முன்பு 6 மாதம் செல்லும். 2012 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி அதை 3 மாதமாக்கிவிட்டது. இந்த மூன்று மாதக் கணக்கு, செக் நம் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை, செக்கில் எழுதியிருக்கும் தேதியிலிருந்து. ஆக ஏப்ரலிலேயே கதை முடிந்திருக்கிறது.

ஆனால் செத்தது செக்தான், கடன் இல்லை. வீட்டுக்காரரிடம் பழைய செக்கோடு போனேன். "தேதியை அடிச்சு மாத்திக் கையெழுத்து போட்டுத் தரட்டுமா தம்பி?" என்றார். தேதியைப் புதுப்பிக்க மட்டும் அப்படித் திருத்தலாம், முழுக் கையெழுத்து வேண்டும், தொகையிலோ பெயரிலோ திருத்தினால் செல்லாது. இருந்தாலும் திருத்தல் என்றாலே வங்கியில் கேள்வி வரும் என்று புதுச் செக்கே கேட்டு வாங்கினேன். பழையதை அவரிடமே கொடுத்தேன், என் எதிரிலேயே கிழித்தார். அன்றைக்கே போட்டேன், மறுநாள் பணம் வந்துவிட்டது.