முதல் நாளே ‘பூஸ்ட்’ வேண்டாம்: சோஷியல் மீடியா மார்க்கெட்டிங் கற்பவர்கள் வரிசை மாற்றிச் செய்யும் தவறுகள்

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களில் பலர் முதலில் கற்க நினைப்பது விளம்பரம் போடுவதைத்தான். பதிவு தயாரிப்பது அதற்குப் பிறகு. எண்களைப் படிப்பது கடைசியில், வாடிக்கையாளர் கேள்வி கேட்டால் மட்டும். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். விளம்பரத்தில் செய்யும் ஒவ்வொரு பிழைக்கும் பணம் போகிறது, அதுவும் பெரும்பாலும் அடுத்தவர் பணம். பதிவில் செய்யும் பிழைக்கு உழைப்பு மட்டுமே போகும். எண்ணைப் படிக்கத் தெரியாவிட்டால் இரண்டிலும் பிழை நடந்ததே தெரியாது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மதுரையில் ஒரு குடும்பம் வீட்டிலேயே முறுக்கு, அதிரசம் செய்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறது. சராசரி ஆர்டர் 800 ரூபாய். சரக்கு, கேஸ், பேக்கிங், கூரியர் எல்லாம் போகக் கையில் நிற்பது 240 ரூபாய். கற்கிறவர் முதலில் கேட்டு வாங்க வேண்டிய எண் இந்த 240. ஓர் ஆர்டரைப் பிடிக்க எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்பதை இதுதான் சொல்லும். ஃபாலோயர் எண்ணிக்கை சொல்லாது.

பயிற்சிக்கென்று கற்பனையாக ஒரு பக்கம் தொடங்கிப் பழகுவது பலரும் செய்யும் தவறு. அதில் வாங்க வருபவர் யாரும் இல்லை என்பதால் கற்றது சரியா என்று சோதிக்கவே முடியாது. தெரிந்தவர் கடை ஒன்றை மூன்று மாதத்துக்குக் கேட்டு வாங்குங்கள். தளமும் ஒன்று போதும், இங்கே இன்ஸ்டாகிராம். கணக்கு தனிநபர் கணக்காக இருந்தால் முதல் வேலையாக அதை புரொஃபஷனல் கணக்காக மாற்ற வேண்டும். ஒரு பதிவு எத்தனை பேரை எட்டியது என்பது போன்ற இன்சைட்ஸ் எண்கள் அதற்குப் பிறகு போடும் பதிவுகளுக்குத்தான் கிடைக்கும். பிசினஸ் வகையைத் தேர்ந்தெடுத்தால் பல சினிமாப் பாடல்கள் பட்டியலிலிருந்து காணாமல் போகும். அது கோளாறு அல்ல, வணிகப் பயன்பாட்டுக்கான உரிமம் இல்லாததால் அப்படி. ட்ரெண்டிங் பாட்டையே நம்பிப் பழகியவர்கள் இங்கேதான் திணறுவார்கள்.

முதல் மாதத்தில் விளம்பரமே வேண்டாம். வாரம் மூன்று ரீல் என்ற கணக்கில் பன்னிரண்டு போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷீட்டில் ஒரு வரி எழுதுங்கள்: முதல் மூன்று நொடியில் என்ன காட்டினோம், எத்தனை பேரை எட்டியது, எத்தனை பேர் பகிர்ந்தார்கள், எத்தனை பேர் விலை கேட்டார்கள். லைக்குக்கு ஒரு கட்டம் ஒதுக்காதீர்கள். அது இருந்தால் கண் அங்கேதான் போகும். பன்னிரண்டு வரி சேர்ந்ததும் சில விஷயங்கள் தெரியத் தொடங்கும். எண்ணெயில் முறுக்கு பிழியும் காட்சி நிறையப் பேரை எட்டியிருக்கலாம், ஆனால் விலை கேட்டவர்கள் ‘ஒரு கிலோவில் எத்தனை முறுக்கு நிற்கும்’ என்று எண்ணிக் காட்டிய ரீலிலிருந்து வந்திருக்கலாம். பிறகு விளம்பரத்துக்கு எடுக்க வேண்டியது இரண்டாவதை.

விலை கேட்டவர் எந்த வழியாக வந்தார் என்பதை எப்படி அறிவது? பலர் இதற்கு, வெப்சைட் இணைப்பின் கடைசியில் வந்த வழியைக் குறித்து ஒட்டும் யுடிஎம் குறியீடுகளைப் படித்துவிட்டு வருகிறார்கள். வெப்சைட் இருந்தால் அது சரி, ஆர்டர் வாட்ஸ்அப்பில் வரும் தொழிலுக்கு உதவாது. இங்கே எளிய வழி, இணைப்பிலேயே முதல் செய்தியை எழுதி வைப்பது:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Murukku%20BIO
https://wa.me/91XXXXXXXXXX?text=Murukku%20STORY
```

புரொஃபைலில் ஓர் இணைப்பு, ஸ்டோரியில் இன்னொன்று. வருகிற செய்தியின் கடைசிச் சொல்லே வந்த வழியைச் சொல்லிவிடும். அந்தச் சொல்லை அழித்துவிட்டு அனுப்புபவர்களும் உண்டு, எனவே இதை ஏறக்குறையக் கணக்காகவே கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகுதான் விளம்பரம். பதிவின் கீழே இருக்கும், அதை உடனே விளம்பரமாக்கும் பூஸ்ட் பட்டன் தப்பானது என்று சொல்லிவிட முடியாது. கடைக்காரர் தானே அவசரத்துக்குப் பயன்படுத்தலாம். ஆனால் கற்கிறவர் பார்க்க வேண்டிய பாகங்களை அது மறைத்துவிடுகிறது. மெட்டாவின் விளம்பரக் கருவியான ஆட்ஸ் மேனேஜரில் மூன்று அடுக்கு உண்டு. கேம்பெயின் என்பதில் நோக்கம், ஆட் செட் என்பதில் ஆள், இடம், பெரும்பாலும் பட்ஜெட், ஆட் என்பதில் படமும் வாசகமும். எது எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் தவறு எங்கே என்று தேட முடியும்.

பணம் அதிகம் வீணாவது நோக்கத்தைத் தேர்ந்தெடுப்பதில். டிராஃபிக் என்று கொடுத்தால் கிளிக் மலிவாகக் கிடைக்கும், புதியவர் மகிழ்ந்துபோவார். நீங்கள் கேட்டது கிளிக், ஆகவே கிளிக் செய்யும் பழக்கமுள்ளவர்களை மெட்டா தேடிக் கொடுத்திருக்கிறது. வாங்குபவர்களை நீங்கள் கேட்கவே இல்லை. நம் முறுக்குத் தொழிலுக்கு என்கேஜ்மென்ட் நோக்கத்தில், வாட்ஸ்அப் உரையாடலை அதிகப்படுத்தும்படி அமைப்பதே பொருத்தம்.

நாளுக்கு 300 ரூபாய் வீதம் ஏழு நாள் 2,100. 18% ஜிஎஸ்டி 378 சேர்த்து 2,478. எழுபது பேர் உரையாடலைத் தொடங்கி, பதினான்கு பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆட்ஸ் மேனேஜர் ‘ஓர் உரையாடல் 30 ரூபாய்’ என்று அழகாகக் காட்டும். உண்மையில் ஓர் ஆர்டருக்கு ஆன செலவு வரியோடு 177. 240-இல் அது போக மிச்சம் 63. ஆர்டர் பத்தாகக் குறைந்தால் செலவு கிட்டத்தட்ட 248 ஆகி, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் எட்டு ரூபாய் கைநட்டம். அப்போதும் திரையில் அதே 30 ரூபாய்தான் தெரியும். வரியை விட்டுவிட்டுக் கணக்குச் சொல்வது புதியவர்களிடம் சாதாரணமாகக் காணும் பிழை.

அடுத்தது பொறுமையின்மை. விளம்பரம் யாருக்குப் போக வேண்டும் என்று மெட்டா கற்றுக்கொள்ளும் ஒரு ‘லேர்னிங்’ கட்டம் இருக்கிறது. ஓர் ஆட் செட்டுக்கு ஒரு வாரத்தில் நீங்கள் கேட்ட செயல் ஏறத்தாழ 50 தடவை நடந்தால் அது முடியும். எழுபது உரையாடல் என்றால் முடிந்துவிடும். ஆனால் அதே 300 ரூபாயை ஐந்து ஆட் செட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பதினான்கு உரையாடல் வீதம்தான் வரும், ஒன்றுகூடக் கரையேறாது. இரண்டாம் நாள் ஆட்களை மாற்றுவது, மூன்றாம் நாள் படத்தை மாற்றுவது இரண்டுமே அந்தக் கட்டத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கவைக்கும். சிறு பட்ஜெட்டுக்கு ஒரு ஆட் செட், அதற்குள் இரண்டு ஆட், ஏழு நாள் கைவைக்காமல் விடுவது. தொடக்கத்தில் இதற்கு மேல் தேவையில்லை.

உரையாடல் எழுபது வந்தும் பாதிப்பேர் ஒரு வரியோடு நின்றுவிட்டால் குறை பெரும்பாலும் விளம்பரத்தில் இல்லை. தானாக வந்து நிற்கும் வாழ்த்துச் செய்தியைச் சும்மா தட்டிவிட்டவர்கள் அவர்கள். அந்த இடத்தில் ‘எத்தனை கிலோ, எந்த ஊர்’ என்று கேட்கும்படி மாற்றினால் உரையாடல் எண்ணிக்கை குறையலாம், ஓர் உரையாடலின் விலை ஏறலாம். அதைப் பார்த்துப் பதறி விளம்பரத்தை நிறுத்தாமல், அந்த வார ஆர்டர் எண்ணிக்கையைப் பாருங்கள்.

கடைசியாக, கடைக்காரரின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்காதீர்கள், ஆட் அக்கவுண்டை உங்கள் பெயரிலும் தொடங்காதீர்கள். அவருடைய மெட்டா பிசினஸ் கணக்கில் பக்கமும் ஆட் அக்கவுண்டும் இருக்க, உங்களை அதில் ஒருவராகச் சேர்க்கச் சொல்லுங்கள். பணம் கட்டும் கார்டும் ஜிஎஸ்டி எண்ணும் அவருடையதாகவே இருக்கட்டும். நீங்கள் விலகும் நாளில் அவர் உங்கள் பெயரை எடுத்துவிட்டால் போதும், மூன்று மாத விளம்பர வரலாறு அவரிடமே நிற்கும்.