ஈர ஓடுதளத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள்

பிரேக் பிடிக்கும்போது விமானச் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்குவதைத் தடுக்கும் ஆன்டி-ஸ்கிட் பற்றிப் பேசும்போது பலர் அது பிரேக்கை வலுவாக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது செய்வது நேர் எதிரான வேலை. விமானி மிதித்துக் கொடுத்த அழுத்தத்தைக் குறைக்கத்தான் அதற்குத் தெரியும், கூட்டத் தெரியாது.

ஏர்பஸ் ஏ320 விமானத்தில் ஒவ்வொரு பிரதான சக்கரத்திலும் ஒரு வேக சென்சார் இருக்கிறது. விமானம் உண்மையில் ஓடும் வேகத்தோடு சக்கரம் சுழலும் வேகத்தைக் கணினி ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். விமானம் 130 நாட், அதாவது மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் வேகம் அதில் 87 சதவீதத்துக்கும், அதாவது சுமார் 113 நாட்டுக்கும் கீழே இறங்கினால், அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று பொருள். உடனே அந்தச் சக்கரத்தின் வால்வு ஹைட்ராலிக் அழுத்தத்தை விடுவிக்கும். சக்கரம் வேகம் எடுத்ததும் அழுத்தம் திரும்ப வரும். இதெல்லாம் ஒரு நொடிக்குள் பல முறை நடக்கும்.

இந்த வேலையை விமானியும் காலால் செய்ய முயல்வதுதான் முதல் தவறு. சக்கரம் வழுக்குகிறது என்று பயந்து காலை எடுத்தால், நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும் சக்கரங்களும் சேர்ந்து விடுபடும். 130 நாட் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 67 மீட்டர் ஓடுதளம் போய்விடுகிறது. சீராக மிதித்தபடி இருப்பதே சரி.

அடுத்த தவறு இன்னும் மோசமானது: தண்ணீர் தேங்கிய ஓடுதளத்தில் பூப்போல இறக்குவது. பயணிகள் கைதட்டலாம், ஆனால் சக்கரம் சுழலவே தொடங்காது. டயர் அழுத்தம் 200 பி.எஸ்.ஐ. என்றால், நீரின் மேல் மிதக்கும் டயர் சுமார் 109 நாட்டுக்கு இறங்கும்வரை சுழலாமலே இருக்கலாம். சுழலாத சக்கரத்துக்கு அழுத்தம் கொடுத்தால் பூட்டிக்கொள்ளும் என்பதால் ஆன்டி-ஸ்கிட் பிரேக்கை அனுமதிக்காது. விமானி முழுசாக மிதித்தாலும் பலனில்லை.

1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவில் லுஃப்தான்சா ஏ320 ஒன்று இப்படித்தான் சிக்கியது. பின்காற்றோடு, வேகம் கூடுதலாக, ஒரு பக்கம் சாய்ந்து இறங்கியது. வலது சக்கரங்கள் ஓடுதளத்தின் தொடக்கத்திலிருந்து 770 மீட்டரில் தொட்டன. இடது சக்கரங்கள் தொட மேலும் 9 நொடி ஆனது. அதற்குள் ஓடுதளத்தில் மொத்தம் 1,525 மீட்டர் போய்விட்டது. அதுவரை இறக்கை மேல் எழுந்து வேகத்தைக் குறைக்கும் ஸ்பாய்லரும், இன்ஜின் உந்துவிசையை முன்பக்கம் திருப்பும் ரிவர்ஸரும் விரியவில்லை. அப்புறமும் நீரின் மேல் மிதந்த சக்கரங்கள் பிரேக்கைத் தாமதப்படுத்தின. 2,800 மீட்டர் ஓடுதளம் போதவில்லை. இரண்டு பேர் இறந்தார்கள். அதனால்தான் ஈரத்தில் சரியான இடத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே இறக்கச் சொல்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. ஏ320-இல் 20 நாட்டுக்குக் கீழே ஆன்டி-ஸ்கிட் செயல்படாது. ஓடுதளத்தின் முடிவில் மறுதிசையில் இறங்கிய விமானங்களின் ரப்பர் படிந்திருக்கும், மழையில் அது வழுக்கும். அங்கே திரும்பும்போது பழைய பலத்தோடு மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், விடுவிக்க எந்த வால்வும் வராது.