லேபிளில் ஒரு சர்விங் கணக்கு மட்டும் இருந்தால் 100 கிராமுக்கு மாற்றுவது எப்படி?

ஓசூரில் வேலை பார்க்கும் என் தம்பி ஜிம்மில் சேர்ந்ததிலிருந்து, வாட்ஸ்அப்பில் தினமும் ஏதாவது ஒரு டப்பாவின் லேபிள் ஸ்கிரீன்ஷாட் வந்துவிடும். "அண்ணா, இதுல புரோட்டீன் 8 கிராம், அதுல 7 கிராம். எதை வாங்கலாம்?" இரண்டையும் அப்படியே வைத்து ஒப்பிட முடியாது. ஒன்றில் சர்விங் 45 கிராம், இன்னொன்றில் 32 கிராம். இரண்டையும் 100 கிராமுக்குக் கொண்டுவந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

முதலில் ஒரு விஷயம். இந்தியாவில் விற்கும் பாக்கெட்டாக இருந்தால் கணக்குப் போடுவதற்கு முன்னால் ஆன்லைன் கடைப் பக்கத்தில் உள்ள மற்றப் படங்களையும் தள்ளிப் பாருங்கள். FSSAI-யின் 2020 லேபிள் விதிப்படி 100 கிராமுக்கோ 100 மில்லிக்கோ உள்ள சத்து விவரம் பொதுவாக பாக்கெட்டில் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர் அந்தப் பத்தியை வெட்டியிருப்பார், அவ்வளவுதான். அமெரிக்க லேபிள் என்றால் தேடிப் பயனில்லை. அங்கே சர்விங் கணக்குதான் வழக்கம்.

படி 1: சர்விங்கின் எடையைக் கிராமில் பிடியுங்கள்

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த வேர்க்கடலை வெண்ணெய் டப்பாவில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
Serving Size 2 Tbsp (32g)
Calories 190
Protein 7g
```

நமக்கு வேண்டியது 32 மட்டும்தான். இரண்டு டேபிள்ஸ்பூனை மறந்துவிடலாம். படத்தில் கிராம் வெட்டுப்பட்டிருந்தால் மொத்த எடையை சர்விங் எண்ணிக்கையால் வகுங்கள். 454 கிராம் டப்பா, சுமார் 14 சர்விங் என்றால் 32.4 வரும். "சுமார்" என்று போட்டிருப்பதால் இது உத்தேசம்தான், ஆனால் வேலைக்கு ஆகும்.

படத்திலிருந்து எழுத்தைத் தானாக எடுக்கும் வசதி போனிலேயே இருக்கிறது. எண்ணுக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். 32g என்பதில் g-ஐ 9 என்று படித்து 329 ஆக்கிவிடும். படத்தைப் பெரிதாக்கி, கண்ணால் பார்த்து, கையால் தட்டுவதே எனக்குப் பிடித்த வழி.

படி 2: வகுத்து, நூறால் பெருக்குங்கள்

கலோரி: 190 ÷ 32 × 100 = 594. புரதம்: 7 ÷ 32 × 100 = 21.9.

இதற்குத் தனி ஆப் எதுவும் வேண்டாம், போன் கால்குலேட்டர் போதும். நாலைந்து பொருளை ஒப்பிடுவதாக இருந்தால் மட்டும் ஷீட்டில் போடுங்கள். A பத்தியில் சர்விங் கிராம், B-யில் கலோரி, C-யில் புரதம்:

```
=B2/A2*100
=C2/A2*100
```

படி 3: கூட்டிப் பாருங்கள் (இதை மட்டும் விடாதீர்கள்)

புரதம், மாவுச்சத்து, கொழுப்பு மூன்றையும் கூட்டினால் சர்விங் எடையைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன டப்பாவில் கொழுப்பு 16, மாவுச்சத்து 8, புரதம் 7 என்றால் மொத்தம் 31. 32-க்குள் அடங்குகிறது, சரி.

இப்போது ஒரு ராகி சத்துமாவு லேபிளைப் பார்ப்போம். சர்விங் 30 கிராம், கலோரி 230, புரதம் 8.5, மாவுச்சத்து 33, கொழுப்பு 7. கண்ணை மூடிக்கொண்டு வகுத்தால் 100 கிராமுக்கு 767 கலோரி, 28 கிராம் புரதம் என்று வரும். தம்பிக்கு இதைப் பார்த்ததும் ஒரே குஷி.

ஆனால் கூட்டிப் பாருங்கள்: 8.5 + 33 + 7 = 48.5. முப்பது கிராம் மாவுக்குள் நாற்பத்தெட்டரை கிராம் சத்து எப்படி இருக்கும்? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ராகிக் களி தின்று வளர்ந்தவர்களுக்கு இன்னொரு சந்தேகமும் வர வேண்டும். வெறும் ராகியில் 100 கிராமுக்குப் புரதம் ஏழு கிராம் அளவில்தான் இருக்கிறது, கலோரி 320 பக்கம். கொஞ்சம் பயறும் கடலையும் சேர்த்து அரைத்தால் அது நாலு மடங்காகிவிடாது.

விஷயம் அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும்: 200 மில்லி பாலில் கலந்து குடிக்கும்போது கிடைப்பது. ஸ்கிரீன்ஷாட்டில் முதலில் வெட்டுப்படுவதும் அந்தப் பொடி எழுத்து வரிதான். எடை மாவுக்கு, சத்து மாவுக்கும் பாலுக்கும் சேர்த்து.

அப்படியானால் பாலைக் கழிக்க வேண்டும். எந்தப் பால் என்பதும் அந்த வரியிலேயே இருக்கலாம். டோன்டு பால் என்றால் 100 மில்லிக்குச் சுமார் 58 கலோரி, 3 கிராம் புரதம். 200 மில்லிக்கு 116-ம் 6-ம்.

கலோரி: 230 − 116 = 114, அதை 30-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 380. புரதம்: 8.5 − 6 = 2.5, அது 8.3 ஆகிறது.

இருபத்தெட்டு எட்டாக இறங்கிவிட்டது. அந்த டம்ளரில் இருக்கும் புரதத்தில் பெரும்பங்கு பாலுடையது, அதை நீங்கள் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். ஃபுல் கிரீம் பால் என்று போட்டிருந்தால் கலோரியை இன்னும் கூடுதலாகக் கழிக்க வேண்டும். அந்தப் பால் பாக்கெட்டின் பின்பக்கமே எண் இருக்கும்.

கலோரியை மட்டும் பார்க்க இன்னொரு சோதனை: 100 கிராமுக்கு 900-க்கு மேல் வந்தால் கணக்கு தப்பு. சுத்த எண்ணெயே 900 பக்கம்தான்.

படி 4: எவ்வளவு நம்பலாம்?

அமெரிக்க லேபிளில் 50-க்கு மேற்பட்ட கலோரியைப் பத்தின் மடங்காகவும், புரதத்தை முழு கிராமாகவும் போடுகிறார்கள். ஆகவே 7 என்பது 6.5-லிருந்து 7.5 வரை எதுவாகவும் இருக்கலாம். 100 கிராமுக்கு மாற்றினால் 20.3-லிருந்து 23.4 வரை. 21.9 என்று புள்ளி வைத்து எழுதுவதில் அர்த்தமில்லை, "சுமார் 22" போதும். இன்னொரு டப்பாவில் 23 வந்தால் அது உயர்ந்தது என்று சண்டை போடாதீர்கள்.

பின்சேர்க்கை: காபியில் போடும் அமெரிக்க கிரீமர் பொடியைப் பற்றி ஒரு அக்கா கேட்டிருந்தார். சர்விங் 2 கிராம், கலோரி 10, புரதம் 0. அப்படியென்றால் புரதமே இல்லையா? சொல்ல முடியாது. அரை கிராமுக்குக் கீழே இருந்தால் பூஜ்யம் என்று போட அங்கே அனுமதி உண்டு. 2 கிராமில் 0.4 கிராம் இருந்தால்கூட 100 கிராமுக்கு 20 ஆகிவிடும். கலோரியும் அப்படித்தான்: 50 வரை ஐந்தின் மடங்காக எழுதுவதால், 10 என்பது 100 கிராமுக்கு 375-லிருந்து 625 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கும். சர்விங் ஐந்து கிராமுக்குக் கீழே உள்ள பொருளுக்கு நான் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. அதே மாதிரிப் பொருளை இந்திய பாக்கெட்டில் தேடி, 100 கிராம் பத்தியைப் பார்த்துக்கொள்கிறேன்.