பஸ்ஸில் படித்த மூன்று புத்தகங்கள்: புதிய தலைமையாசிரியை தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்த வாரத்தில் என் தம்பி மகள் மூன்று புத்தகங்கள் வாங்கி அனுப்பினாள். மூன்றும் ஆங்கிலம், மூன்றும் தலைமைத்துவம் பற்றியவை. பணியிடம் ஒதுக்கும் கவுன்சிலிங்கில் கிடைத்த ஊருக்கு வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். போகும்போது படிப்பேன், பென்சிலால் கோடு போடுவேன், பள்ளிக்குப் போனதும் அன்றைக்கே செய்து பார்ப்பேன். பாதிக்கு மேல் சொதப்பியது. புத்தகங்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் படித்த விதம்தான் கோணல்.

பொறுப்பேற்புப் பட்டியலுக்கு முன்னால் புத்தகத்தைத் திறப்பது

ஆங்கிலப் புத்தகங்களில் முதல் வாரம் என்றால் எல்லோரிடமும் பேசு, கேள், பள்ளியைச் சுற்றிப் பார் என்று இருக்கும். நல்ல யோசனைதான். ஆனால் நம் அரசுப் பள்ளியில் முதல் வாரம் முந்தைய தலைமையாசிரியர் நீட்டும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலுக்கு உரியது. அதில் கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து இருப்புப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பெஞ்சுக்கும் நீங்கள்தான் பதில். எண்ணிப் பார்க்காமல் கையெழுத்திட்டுவிட்டு ஓய்வு பெறும்போது அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

பணக் கணக்கில் ஒரே ஒரு வேலையை அன்றைக்கே செய்யுங்கள். ரொக்கப் பதிவேட்டின் வங்கி இருப்பையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் பார்த்தபோது பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கில் பதிவேடு ரூ.18,640 என்றது, பாஸ்புக் ரூ.24,140 என்றது. ரூ.5,500 அதிகம். காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் புரட்டினால், பெஞ்சு பழுதுபார்த்த தச்சருக்குக் கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்குப் போகவில்லை. அது சாதாரண விஷயம். பாஸ்புக் குறைவாகவும் பதிவேடு அதிகமாகவும் இருந்தால்தான் உஷாராக வேண்டும்: வங்கி பிடித்த கட்டணமாகவும் இருக்கலாம், எழுதப்படாத செலவாகவும் இருக்கலாம். எதுவென்று எழுத்தில் தெரிந்த பிறகே கையெழுத்து. இதை எந்தத் தலைமைத்துவ நூலும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து ஊர்ப் பள்ளியின் இளநிலை உதவியாளர்.

அந்தப் புத்தகத்துத் தலைவருக்கு என்ன அதிகாரம் என்று பாராதது

நான் செய்ததில் பெரிய தவறு இதுதான்.

பள்ளித் தலைமை பற்றிய நூல்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் ஓர் உவமை உண்டு: சரியான ஆட்களைப் பஸ்ஸில் ஏற்று, தவறானவர்களை இறக்கு, பிறகு எங்கே போவது என்று முடிவு செய். ஜிம் காலின்ஸ் 2001-இல் எழுதிய 'குட் டு கிரேட்' நூலிலிருந்து வந்தது. நான் அதை நிஜமாகவே பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். என் பஸ்ஸில் யார் ஏறுவது என்று முடிவு செய்பவர் கண்டக்டர்கூட இல்லை, கவுன்சிலிங்தான். அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் யாரையும் நியமிக்க முடியாது, மாற்ற முடியாது, சம்பளத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அந்த நூலோ தனியார் நிறுவனங்களை ஆராய்ந்து எழுதியது. இங்கிலாந்து நூல்களிலும் இதே சிக்கல்தான். 1988 கல்விச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு அங்கே பள்ளிகளின் கைக்கே பட்ஜெட் வந்தது, ஆசிரியர் சம்பளம் உட்பட. அங்கே ‘பட்ஜெட்’ என்று எழுதியிருப்பதும் நம் பள்ளி மானியமும் பெயரளவில்தான் ஒன்று.

இது தெரியாமல் இரண்டாவது வாரமே, தாமதமாக வரும் ஓர் ஆசிரியருக்கு ‘பொறுப்புக்கூறல் உரையாடல்’ நடத்தி, கையோடு மெமோவும் கொடுத்தேன். அவர் அழகான கையெழுத்தில் இரண்டு பக்கம் பதில் எழுதினார். ஆசிரியர் சங்கத்திலிருந்து இருவர் வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். அதற்கு மேல் என் கையில் ஒன்றும் இல்லை என்பது எனக்கும் அவருக்கும் ஒரே நாளில் தெரிந்துபோனது. மெமோவே கூடாது என்று சொல்லவில்லை. எல்லா வழியும் அடைபட்ட பிறகு, தேதிகளோடு, மேலிடத்துக்கு எழுதும் எண்ணத்தோடு கொடுக்க வேண்டியது அது.

காலின்ஸே 2005-இல் ஒரு சிறு நூல் எழுதி, பள்ளி போன்ற இடங்களில் தலைவருக்கு அதிகாரம் சிதறிக் கிடக்கும் என்று ஒப்புக்கொண்டார். பெரிய நூலை விட்டாலும் அதைப் படிக்கலாம். அதில் ஓர் அமெரிக்க அரசுப் பள்ளியின் அறிவியல் துறைத் தலைவர் வருகிறார். முழுப் பள்ளியையும் மாற்ற முடியாது என்று தெரிந்து, தன் துறையை மட்டும் எடுத்துக்கொண்டு, தன் கையில் இருந்த ஒரே பிடியான பணி நிரந்தரப் பரிந்துரையைக் கறாராக்கினார். அந்தப் பிடி நமக்கு இல்லை. ஆனால் ‘என் கையில் இருப்பது எது’ என்ற கேள்வி நமக்கும் பொருந்தும்.

என் விடை கால அட்டவணை. எங்கள் பள்ளியில் கணக்குக்கு இரண்டு பட்டதாரி ஆசிரியர்கள். நன்றாக நடத்துபவர் பத்தாம் வகுப்பு இரண்டு பிரிவுக்கும் போவார். ஆறாம் வகுப்பு, மிஞ்சியவருக்கு. பின்னம் புரியாமலே ஒன்பதாம் வகுப்புக்கு வந்து நிற்கும் பிள்ளைகள் அங்கிருந்துதான் வந்தார்கள். அடுத்த ஜூனில் நன்றாக நடத்துபவரை ஆறாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்பு ஒரு பிரிவுக்கும் போட்டேன். "ரிசல்ட் குறைஞ்சா யார் மேடம் பதில் சொல்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான்தான் என்று சொல்லி, ஊழியர் கூட்டக் குறிப்பேட்டில் அதையே என் முடிவாக எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு அவர் தயங்கவில்லை.

இப்போது எந்த நூலைப் படித்தாலும் அது யார் கையில் இருக்கிறது என்று ஓரத்தில் பென்சிலால் மூன்றில் ஒன்றை எழுதுகிறேன்: நான், குழு, மேலிடம். ‘மேலிடம்’ என்று எழுதிய பக்கங்களில் நேரத்தைக் கொட்டுவதில்லை.

வகுப்புப் பார்வையை அப்படியே காப்பியடிப்பது

'லெவரேஜ் லீடர்ஷிப்' (2012) என்ற நூல், ஒவ்வொரு ஆசிரியரின் வகுப்பையும் வாரந்தோறும் கொஞ்ச நேரம் பார்த்து, ஒரே ஒரு சிறு மாற்றத்தைச் சொல்லச் சொல்கிறது. ஆசிரியர் பால் பாம்ப்ரிக்-சந்தோயோ அமெரிக்காவின் நியூவார்க் நகரில், அரசு நிதியில் தன்னாட்சியாக நடக்கும் சார்ட்டர் பள்ளிகளில் வேலை பார்த்தவர். அங்கே பார்வையிடும் வேலையைப் பகிர்ந்துகொள்ள ஆட்கள் உண்டு. நமக்கோ சொந்தப் பாடவேளைகள், எமிஸ் இணையதளத்தில் தரவுப் பதிவு, திடீர்க் கூட்டம். நான் பன்னிரண்டு பேரையும் வாரம் ஒரு முறை என்று தொடங்கி மூன்றாவது வாரமே நின்றுபோனேன். தொடங்கி நிற்பதைவிடத் தொடங்காமலே இருக்கலாம். ‘அம்மாவுக்கு ஆர்வம் தீர்ந்துடுச்சு’ என்று பெயர் வந்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றால் வாரத்துக்கு ஆறு பேர். பார்க்கப் பதினைந்து நிமிடம், பேசப் பத்து நிமிடம், மொத்தம் 150 நிமிடம். நான்கு பாடவேளைக்குள் அடங்கும். இது நடக்கும், நடந்தது.

இன்னொரு பிசகு, பார்த்ததையெல்லாம் பதிவேட்டில் எழுதியது. நம் ஆசிரியர்களுக்குப் பதிவேட்டில் ஏறியது ஆலோசனையாகத் தெரியாது, குற்றப்பத்திரிகையாகத்தான் தெரியும். துறை கேட்கும் முறையான பார்வைக்கு மட்டும் பதிவேடு. மற்றது வராந்தாவில் நின்று வாய்ப்பேச்சு. அறிவியல் ஆசிரியை ஒருவர் கேள்வி கேட்ட அடுத்த நொடியே பதிலையும் தானே சொல்லிவிடுவார். "கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க டீச்சர், அப்புறம் ஒரு பேரைக் கூப்பிடுங்க" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது அவர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து பதில் சொன்னான்.

எல்லை தாண்டி நமக்கும் செல்லுபடியாவதாக நான் நினைப்பது நியூசிலாந்தின் கல்வி ஆய்வாளர் விவியன் ராபின்சன் சொல்வது. அவரும் சக ஆய்வாளர்களும் 2008-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆசிரியர்களோடு தலைவரும் உட்கார்ந்து கற்றுக்கொள்வதற்கே மாணவர் கற்றலோடு மிக வலுவான தொடர்பு தெரிந்தது: விளைவின் அளவு 0.84. அடுத்த நிலையில் இருந்த தலைமைப் பணிகளுக்கு 0.42. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை, ஆகவே எண்ணைக் கும்பிட வேண்டாம். ஆனால் ஆசிரியர்களோடு சேர்ந்து உட்கார யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

பெற்றோரிடம் புத்தகத்தைப் பேசுவது

முதல் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பள்ளியின் ‘தொலைநோக்கு’ பற்றி நாற்பது நிமிடம் பேசினேன், ஸ்லைடு போட்டு. முடிந்ததும், நூறு நாள் வேலையிலிருந்து நேரே வந்திருந்த ஓர் அம்மா கேட்டார்: "டீச்சரம்மா, பொம்பளப் புள்ளைங்க பாத்ரூம் கதவுக்குத் தாப்பா இல்ல. எம்புள்ள நாளெல்லாம் தண்ணியே குடிக்கறதில்ல."

எனக்குத் தெரியவே தெரியாது. தலைமையாசிரியை கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருந்தது.

வெளிநாட்டு நூல்களில் பெற்றோர் என்றால் செய்தி மடல், மின்னஞ்சல், தனிச் சந்திப்பு. நமக்குப் படிக்க வேண்டியது கல்வி உரிமைச் சட்டம், 2009. அதிலும் 21, 22 பிரிவுகள் மட்டும் போதும். குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அந்தக் குழு. அதாவது திட்டத்தை நான் எழுதிக் கையெழுத்து வாங்குவது முறையல்ல. டெல்லியில் நீபா என்ற கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனத்தின் தேசியப் பள்ளித் தலைமைத்துவ மையம் இந்தியத் தலைமையாசிரியர்களுக்கென்றே கையேடு போட்டிருக்கிறது. பெற்றோர், சமூகத்தோடு சேர்ந்து செய்வதற்குத் தனிப்பகுதியே உண்டு. விலை கொடுத்து வாங்கிய மூன்றுக்கும் முன்னால் அதைப் படித்திருக்கலாம்.

டோட்டோ-சான் என்ற ஜப்பானிய நூலைப் படித்த யாருக்கும் அதில் வரும் தலைமையாசிரியர் கோபயாஷி ஆக ஆசை வரும். ஐம்பது பிள்ளைகள் கொண்ட தன் சொந்தப் பள்ளியில் அவர் ஒரு சிறுமியின் பேச்சை நான்கு மணி நேரம் கேட்டார். அவருடைய ரயில் பெட்டி வகுப்பறையை நம்மால் கொண்டுவர முடியாது. கூட்டத்தில் நாற்பது நிமிடம் பேசாமல் கேட்க முடியும்.

தாழ்ப்பாளுக்கு வருகிறேன். எங்களிடம் 210 மாணவர்கள். சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிமுறையில் 101 முதல் 250 மாணவர் வரையுள்ள பள்ளிக்கு மானியம் ரூ.50,000. அதில் குறைந்தது பத்து சதவீதம், ரூ.5,000, தூய்மைப் பணிகளுக்கு. மானியத்தை எதிர்பார்த்துக் காத்திருக்காமல், அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதி, பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கிலிருந்து மூன்று தாழ்ப்பாள், திருகாணி, தச்சர் கூலி என்று ரூ.1,150-க்கு ஒப்புதல் வாங்கினோம். ரசீதின் பின்பக்கம் தீர்மான எண்ணை எழுதி, ரொக்கப் பதிவேட்டில் செலவையும் இருப்புப் பதிவேட்டில் மூன்று தாழ்ப்பாளையும் ஏற்றினேன். தச்சர் அதே பழைய தச்சர்தான். இந்த முறை காசோலையை மறுநாளே வங்கியில் போட்டுவிட்டார்.