பிளாங்க் வெர்ஸ் நாடகங்களைப் படிக்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்பாலும் பிளாங்க் வெர்ஸ் என்னும் ஆங்கிலச் செய்யுள் வடிவில் அமைந்த ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தை முதன்முறையாகப் படிப்பவர் அடிகளின் இறுதியில் ஓசை ஒன்றிவராததைக் கண்டதும், இது வசனத்தை மடித்து மடித்து எழுதியது போலும் என்றோ, நம் புதுக்கவிதையைப் போன்றது என்றோ முடிவுகட்டிவிடுகிறார். பிளாங்க் வெர்ஸில் இல்லாதது அடியிறுதி இயைபு மட்டுமே; அளவு கண்டிப்பாக உண்டு. மேடையேறியதும் மேக்பெத் பேசும் முதல் அடி இது: “ஸோ ஃபவுல் அண்ட் ஃபேர் அ டே ஐ ஹாவ் நாட் ஸீன்.” பத்து அசைகள், அவற்றுள் ஃபவுல், ஃபேர், டே, ஹாவ், ஸீன் என்னும் ஐந்தும் அழுத்தம் பெறுகின்றன. நேர், நிரை என்று பிரித்துப் பழகியவர்கள் அந்தக் கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது. ஆங்கிலத்தில் அழுத்தம்தான் அளவுகோல்.

இந்த அளவும் கெடுபிடியானதன்று. “டு பீ ஆர் நாட் டு பீ” என்று தொடங்கும் ஹேம்லெட்டின் புகழ்பெற்ற அடியில் பதினோர் அசைகள் உள்ளன. விரல்விட்டு எண்ணி, கவிஞர் தவறிவிட்டார் என்று எண்ண வேண்டியதில்லை. அழுத்தமற்ற ஓர் அசை அடியின் இறுதியில் மிகுவது வழக்கத்தில் உள்ள சலுகையே.

இரண்டாவது தவறு, ஒவ்வோர் அடியின் முடிவிலும் நின்று நின்று படிப்பது. மன்னன் டங்கனைக் கொல்வதா வேண்டாமா என்று மேக்பெத் தனக்குள் வாதாடும் பேச்சின் முதல் அடி, “செய்துதான் முடியும் என்றால், நல்லது...” என்ற பொருளில் ‘வெல்’ என்னும் சொல்லோடு முடிகிறது, எது நல்லது என்பதோ, ‘விரைந்து செய்துவிடுவது’ என்று அடுத்த அடியில்தான் வருகிறது. ‘வெல்’லில் நிறுத்தினால் வாக்கியம் முறிந்துவிடும். அடி எங்கே முடிகிறது என்பதைக் காது உணர வேண்டும். மூச்சோ நிறுத்தற்குறியைப் பின்பற்ற வேண்டும்.

பாத்திரங்கள் ஏன் இயைபின்றிப் பேசுகின்றன என்பதற்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. இயைபு இரண்டு அடிகளைக் கட்டிப்போடுகிறது. முதல் அடி ஒலித்ததுமே இரண்டாவதன் முடிவைக் காது எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. பேசும்போதே யோசிக்கிற, தயங்குகிற, பாதியில் மனம் மாறுகிற ஒருவனுக்குத் தன் பேச்சு எங்கே முடியும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடாது. இயைபு கட்டிய பழைய ஆங்கில நாடகங்களுக்குப் பின், 1561-62இல் ‘கார்போடக்’ என்னும் நாடகம் இந்த வடிவத்தை மேடைக்குக் கொண்டுவந்தது. அதன் அடிகள் விறைப்பானவை. பின்வந்த நாடகாசிரியர்களான மார்லோவும் ஷேக்ஸ்பியரும்தான் அதை நெகிழ வைத்தார்கள். தமிழில் 1891இல் ‘மனோன்மணீயம்’ எழுதிய சுந்தரம் பிள்ளை, பெரும்பாலும் ஆசிரியப்பாவைக் கையாண்டதும் உரையாடலுக்கு அகவலோசை இடங்கொடுப்பதால்தான் என்பது என் கருத்து.

கொலை முடிந்து மேக்பெத் இறங்கிவரும் காட்சியைப் பாருங்கள். “டிட் நாட் யூ ஸ்பீக்?” என்கிறாள் மனைவி. “வென்?” என்கிறான். “நவ்.” “ஆஸ் ஐ டிஸென்டெட்?” நீங்கள் பேசவில்லையா, எப்போது, இப்போது, நான் இறங்கும்போதா என்னும் இந்த நான்கு துண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள்: நான்கு, ஒன்று, ஒன்று, ஐந்து. பதினோர் அசைகள் கொண்ட ஒரே அடி! இவற்றைத் தனித்தனிக் குறுவரிகளாக எண்ணி இடையே நிதானமாக நிறுத்திப் படிப்பதுதான் நான் பெரிதாகக் கருதும் தவறு. அடி முடிவதற்குள் இருவரும் ஒருவர் பேச்சை மற்றவர் பறிக்கிறார்கள். அவர்களுடைய பீதி அந்த வேகத்தில்தான் இருக்கிறது. பல பதிப்புகளில் இத்தகைய துண்டுகள் வலப்பக்கம் படிப்படியாகத் தள்ளி அச்சிடப்பட்டிருக்கும். அந்த வெற்றிடம் மௌனத்தைக் குறிப்பதன்று; அடி இன்னும் முடியவில்லை என்பதற்கான அடையாளம்.

இயைபு வரும் இடங்களைக் கவனியாமல் கடந்துபோவதும் தவறுதான். கற்பனைக் கத்தியைக் கண்டு மேக்பெத் பேசும் நீண்ட பேச்சு பெரும்பாலும் இயைபின்றியே செல்கிறது. கடைசியில் மணி ஒலித்ததும், ‘நெல்’, ‘ஹெல்’ என்று சாவுமணியையும் நரகத்தையும் இயைபால் கோத்துவிட்டுக் கொலைக்குப் புறப்படுகிறான். அதுவரை தடுமாறியவன் தீர்மானித்துவிட்டான் என்பது அந்த ஓசையிலேயே கேட்கிறது. சூனியக்காரிகளோ நான்கு அழுத்தங்களே கொண்ட குறுகிய அடிகளில் இயைபோடு மந்திரம்போல் பேசி, மனிதர்களிடமிருந்து வேறுபட்டு ஒலிக்கிறார்கள்.

உயர்குடியினர் செய்யுளில் பேசுவர், எளியோர் உரைநடையில் பேசுவர் என்னும் விதியையும் அப்படியே நம்ப வேண்டாம். வாயிற்காவலனின் பேச்சு உரைநடை என்பது உண்மைதான். ஆனால் தூக்கத்தில் நடந்து, கையில் இல்லாத இரத்தக்கறையைத் தேய்க்கும் காட்சியில் லேடி மேக்பெத் பேசுவதும் உரைநடையே. முன்பு கணவனைச் செய்யுளில் ஏவியவளிடம் இப்போது அந்த ஐந்து அழுத்தங்களின் ஒழுங்கு இல்லை.