பஸ்ஸிலும் நடையிலும் கேட்க, சொந்தக் குறிப்புகளை ஒலிப்பதிவு செய்வது எப்படி?

சோமனூரிலிருந்து காந்திபுரத்துக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வீட்டிலிருந்து பஸ் ஏறும் இடத்துக்குக் கால் மணி நேர நடை. குரூப் 4 தேர்வுக்குப் படிக்க எனக்குக் கிடைக்கும் நேரத்தில் பெரும்பகுதி இதுதான். பஸ்ஸில் புத்தகம் பிரித்தால் எனக்குத் தலை சுற்றும். அதனால் குறிப்புகளை என் குரலிலேயே பதிவு செய்து கேட்க ஆரம்பித்தேன்.

முதல் இரண்டு மாதம் வீணாகத்தான் போனது. பாடத்தை அப்படியே வாசித்து நாற்பது நிமிடப் பதிவாக வைத்திருந்தேன். கேட்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். இறங்கியதும் ஒரு கேள்வி கேட்டால் வாயில் வராது. என் குரல், என் குறிப்பு, பழகிய வாக்கியம். அது காதில் ஓடிக்கொண்டிருக்கும்போது மனசு வேலையே செய்வதில்லை. சரியாக வந்தது, கேள்வி, இடைவெளி, பதில் என்று மாற்றிய பிறகுதான். அந்த முறையை இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு பதிவுக்கு எட்டுக் கேள்வி போதும். சுமார் நான்கு நிமிடம் வரும். அதற்கு மேல் போனால், நடுவில் எதைத் தவறவிட்டோம் என்று நினைவில் வைத்திருக்க முடியாது.

அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளை எடுத்துக்கொள்வோம். என் முதல் சரியான பதிவு இதுதான். பிரிவு 14 முதல் 18 வரை சமத்துவ உரிமை, ஆக ஐந்து கேள்வி. அப்புறம் கல்வி உரிமையான 21ஏ, அது 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தத்தால் வந்தது. நீதிமன்றம் சென்று உரிமையை நிலைநாட்டும் பிரிவு 32. கடைசியாக, 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சொத்துரிமை.

கேள்வியைக் காதுக்கு ஏற்றபடி எழுத வேண்டும். "பிரிவு 17 எதைப் பற்றியது?" என்று மட்டும் வைத்தால் ஒரு பக்கம்தான் பழகும். தேர்வில் பெரும்பாலும் தலைகீழாக வரும். அதனால் பாதிக் கேள்விகளை எண்ணிலிருந்தும், மீதியைப் பொருளிலிருந்தும் தொடங்குங்கள். "தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு எது?" என்பது போல. முக்கியமான சொல்லைக் கேள்வியின் முடிவுக்குப் பக்கத்தில் வைத்தால் நல்லது. முதல் இரண்டு சொற்களைக் கண்டக்டரின் விசில் விழுங்கிவிட்டாலும் கேள்வி புரியும்.

எண்களில்தான் பெரிய தொல்லை. ஓடும் பஸ்ஸில் இருபத்தொன்றும் இருபத்தொன்பதும் ஒன்றாகத்தான் கேட்கும். அறுபதும் எழுபதும் அப்படியே. நான் எட்டு நாள் பிரிவு 29 என்று நினைத்துப் படித்தது கடைசியில் 21 ஆக இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வோர் எண்ணையும் இரண்டு விதமாகச் சொல்கிறேன்: "இருபத்தொன்று. இரண்டு, ஒன்று." ஆண்டுக்கும் இதேதான்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு. ஏழு, எட்டு." இரண்டு நொடி கூடுதலாகும், ஆனால் தவறாகப் பதிந்ததை அழித்துப் படிக்கும் சிரமம் மிச்சம்.

பதிவு செய்யும் இடம்

போனில் ஏற்கெனவே இருக்கும் குரல் பதிவுச் செயலியே போதும், தனி மைக் வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள். அதன் இரைச்சல் வீட்டில் தெரியாது. பஸ் இரைச்சலோடு சேரும்போது பேச்சை மூடிவிடும். எங்கள் பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது. அது நிற்கிற நேரம் பார்த்து, துணி நிறையத் தொங்கும் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறேன். துணி எதிரொலியைக் குடித்துவிடும். வெறும் சுவர் உள்ள அறையில் பேசினால் கிணற்றுக்குள் பேசியது போல வரும்.

போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே பிடித்தால் "பிரிவு" என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பகரத்தின் காற்று மைக்கில் மோதி 'டப்' என்று கேட்கும். விமானப் பயன்முறையைப் போட்டுவிடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துபோகும். எங்கள் அம்மாயி முதல் நாள் எட்டிப் பார்த்து, "ஆருகூட கண்ணு பேசீட்டிருக்கற?" என்று கேட்டது இன்னும் என் பிரிவு 16-க்கான பதிவில் இருக்கிறது. அதை நான் அழிக்கவே இல்லை. அந்தப் பதில் மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை.

கேள்வியைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், ஆனால் பதிவை நிறுத்த வேண்டாம். பதிலை மனசுக்குள் நிதானமாக ஒருமுறை சொல்லுங்கள், பிறகு ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். அதற்குப் பிறகே வாய் திறந்து பதில். பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு நொடி வரும். பதிவு செய்யும்போது அந்த மௌனம் மிக நீளமாகத் தோன்றும், குறைத்துவிடத் தோன்றும். குறைக்காதீர்கள், பஸ்ஸில் அது போதாமல்கூடப் போகும்.

எட்டுக் கேள்வியையும் பேசும் முன், ஒரே ஒரு கேள்வியைப் பதிவு செய்து ஓடும் பஸ்ஸில் கேட்டுப் பாருங்கள். வீட்டில் தெளிவாகக் கேட்பது எதையும் நிரூபிக்காது.

இடைவெளியை விழுங்கும் அமைப்பு

இது பலரைக் குழப்பும். பல ஒலிச் செயலிகளில் மௌனத்தைத் தாண்டிச் செல்லும் வசதி ஒன்று இருக்கும். அது இயங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் கஷ்டப்பட்டு விட்ட இடைவெளி முழுதும் காணாமல் போய், கேள்வி முடிந்த கையோடு பதில் வந்து நிற்கும். அமைப்புகளில் தேடி அணைத்துவிடுங்கள். வேகத்தையும் கூட்டாதீர்கள். ஒன்றேகால் மடங்கில் ஓட்டினால் ஐந்து நொடி இடைவெளி நான்காகிவிடும். வேகம் கூட்டித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால் அந்தப் பாடம் உங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, அதைக் கேட்கும் நாட்களைத் தள்ளி வையுங்கள்.

எந்த நாளில் எதைக் கேட்பது

பதிவு செய்த நாளிலிருந்து 1, 3, 7, 21 ஆகிய நாட்களில் கேட்கிறேன். புதிதாகப் படித்தது முதல் சில நாட்களில்தான் வேகமாக மறக்கும், அதனால் முதலில் நெருக்கமாகவும் பிறகு தள்ளியும். இந்த எண்களில் மந்திரம் ஒன்றுமில்லை, என் வேலை நாட்களுக்குப் பொருந்தின, அவ்வளவுதான்.

இதற்குச் செயலி தேடாமல் ஒரு டைரி வாங்கிக்கொள்ளுங்கள். 2026 ஜூன் 8, திங்கள் இரவு அடிப்படை உரிமைகளைப் பதிவு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோப்புக்குப் பெயர் `0608_உரிமை`. மாதத்தை முன்னால் வைத்தால் ஓர் ஆண்டு முழுக்கப் பட்டியல் தானாகவே வரிசையில் நிற்கும். உடனே டைரியில் ஜூன் 9, 11, 15, 29 ஆகிய பக்கங்களில் அந்தப் பெயரை எழுதிவிடுங்கள். புதன்கிழமை அடுத்த பதிவு, `0610_கடமை`. அது ஜூன் 11, 13, 17, ஜூலை 1. அப்படியானால் 11ஆம் தேதி வியாழனன்று இரண்டு பதிவு. காலையில் பக்கத்தைத் திறந்தால் போதும், யோசிக்க வேண்டியதில்லை.

வாரத்துக்கு இரண்டு புதிய பதிவு, ஒவ்வொன்றும் நான்கு முறை. இந்தச் சுழற்சி ஓடத் தொடங்கிய பிறகு வாரத்துக்கு எட்டு முறை கேட்பது, அதாவது அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இரண்டு மணி நேரப் பயணம் இருக்கும்போது இது குறைவு என்று தோன்றும். நான் வாரத்துக்கு ஐந்து பதிவு போட்டுப் பார்த்தேன். மூன்றாவது வாரத்தில் பழையதும் புதியதும் முட்டிக்கொண்டு எதுவும் நிற்கவில்லை. இரண்டோடு நிறுத்துங்கள். மீதி நேரத்தில் ஜன்னல் வழியே பாருங்கள், தூங்குங்கள்.

நடைக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று

அன்றைய பட்டியலில் முதல் முறை கேட்கிற புதிய பதிவு நடைக்கு. பழையவை பஸ்ஸுக்கு. காலையில் நடக்கும்போது சுற்றிலும் சத்தம் குறைவு, இடைவெளியில் பதிலை வாய்விட்டே சொல்லலாம். கருமத்தம்பட்டி தாண்டி நெடுஞ்சாலையில் பஸ் வேகமெடுத்தால் ஜன்னல் காற்றே பாதிச் சொற்களைத் தின்றுவிடும். ஏற்கெனவே இரண்டு முறை கேட்டதாக இருந்தால் ஒரு சொல் போனாலும் பாதகமில்லை. ஹோப்ஸ் நிறுத்தம் வந்ததும் கேட்பதை நிறுத்திவிடுகிறேன், அங்கிருந்து இறங்குவோர் ஏறுவோர் கூட்டத்தில் கவனம் நிற்காது.

நடக்கும்போது ஒரு காதில் மட்டும் இயர்போன். பைக் ஓட்டும்போது வேண்டவே வேண்டாம். இந்த முறையில் நீங்கள் பதிலைத் தேடிக்கொண்டிருப்பீர்கள், பாட்டுக் கேட்பதைவிடக் கவனத்தை அதிகமாக இழுக்கும்.

தெரியுமா, தெரிந்த மாதிரி இருக்கிறதா?

என் குரல் பதில் சொல்லும் முன் நான் சொல்லியிருந்தால்தான் சரி. பதில் வந்த பிறகு "ஆமா, இது தெரியுமே" என்று தோன்றினால் அது தவறு. ஒவ்வொரு தவறுக்கும் ஒரு விரலை மடக்குங்கள். இறங்கியதும் டைரியில் அந்த எண்ணை எழுதுங்கள். எட்டில் மூன்றோ அதற்கு மேலோ போனால், மறுநாளை முதல் நாளாக வைத்து அந்தப் பதிவை மறுபடி தொடங்குங்கள்.

ஒரே கேள்வி மட்டும் திரும்பத் திரும்பப் போனால் குற்றம் கேள்வியில் இருக்கும். எனக்குப் பிரிவு 15 அப்படி இருந்தது. எந்தெந்த அடிப்படையில் பாகுபாடு கூடாது என்றால் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என ஐந்து. ஆறு நொடியில் ஐந்தும் வராது. அதை உடைத்தேன்: "எத்தனை அடிப்படைகள்?" ஒரு கேள்வி. "மதம், இனம், சாதி, பால். ஐந்தாவது எது?" இன்னொரு கேள்வி. அடுத்த முறையே வந்துவிட்டது.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. ஒரே வரிசையில் கேட்டுக்கொண்டே இருந்தால், தீண்டாமைக்குப் பிறகு பட்டங்கள் என்று வரிசைதான் மனப்பாடம் ஆகும். 21ஆம் நாளுக்கு முன் அதே எட்டையும் கலைத்து ஒருமுறை பதிவு செய்யுங்கள். நான்கு நிமிட வேலைதான்.

காதுக்கு ஒத்துவராத பாடங்களும் இருக்கின்றன. கணக்கும் வரைபடமும் ஆகாது. ரகர றகர வேறுபாட்டையும் நான் பதிவிலிருந்து எடுத்துவிட்டேன், இரைச்சலில் மரமும் மறமும் ஒன்றுதான். அவற்றை எழுதித்தான் படிக்க வேண்டும்.

ஒருநாள் லீவு போட்டு, பட்டியல் தேங்கிவிட்டால் எல்லாவற்றையும் மறுநாளே கேட்க வேண்டாம். புதிதாகப் பதிவு செய்ததை முதலில் கேளுங்கள். 21ஆம் நாள் பதிவு இரண்டு நாள் காத்திருக்கலாம், முதல் நாள் பதிவு காத்திருக்கக் கூடாது.