தயிர்க்கடைப் பலகை எழுதிய கதை

மட்டக்களப்பில் மாமாவின் தயிர்க்கடைக்குப் பலகை எழுதிக் கொடுத்தேன். அவர் நினைத்து வைத்திருந்த வரி: "மற்றக் கடைகளைப் போல நாங்கள் பால்மா கலப்பதில்லை." பெயர் இல்லைதான். ஆனால் அந்தத் தெருவில் எங்களுடையதைத் தவிர வேறு ஒரே ஒரு தயிர்க்கடைதான் இருக்கிறது. யாரைச் சொல்கிறோம் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அவர்கள் கலக்கிறார்களா என்பதும் எங்களுக்குத் தெரியாது.

முதலில் "மற்றக் கடைகளைப் போல" என்பதை வெட்டினேன். போதவில்லை. "நாங்கள் கலப்பதில்லை" என்றாலே, யாரோ கலக்கிறார்கள் என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். சரி, இல்லாததை விட்டுவிட்டு இருப்பதை எழுதுவோம் என்று இப்படி மாற்றினேன்:

"எருமைப்பால் தயிர். உறை ஊற்றிய திகதி சட்டியிலேயே இருக்கிறது. தயிர் எங்கே வாங்கினாலும், என்ன பால், எப்போது உறை ஊற்றியது என்று கேளுங்கள்."

கடைசி வரிதான் ஒப்பீடு. அதை வாங்குபவரே செய்கிறார். எங்கள் பதில் மட்டும் கேட்பதற்கு முன்பே சட்டியில் இருக்கிறது. அடுத்த கடையும் திகதி போடத் தொடங்கினால் இந்த அனுகூலம் போய்விடும். போகட்டும்.

"ஊரிலேயே நல்ல தயிர் என்றாவது போடு மகள்" என்றார் மாமா. எதை வைத்துக் காட்டுவது? போடவில்லை.

இன்னொரு சிக்கல்: எருமைப்பால் குறைந்த நாட்களில் அவர் பசும்பாலும் சேர்ப்பார். அன்றைக்கு முதல் வரி பொய். அதனால் அந்த வரியை மட்டும் தனி அட்டையில் எழுதிக் கொக்கியில் மாட்டினோம். பின்பக்கத்தில் "இன்று பசும்பாலும் சேர்ந்த தயிர்."